தன் கோப்பைத் தானே கேட்டவர்: 104 பக்கங்களும் கருப்பு மையும்

2026 பிப்ரவரி 2, திங்கட்கிழமை. வட சென்னையில் ஒரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தின் அலுவலகம். நான் அங்கே மனிதவளப் பிரிவில் துணை மேலாளர். தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலரும் நான்தான். ஸ்டோர்ஸ் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் ஓர் உதவியாளர், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரைப் பின் அடித்து, தமிழில் கையால் எழுதிய மனுவை டப்பாலில் கொடுத்துவிட்டு, என் மேசைக்கும் வந்து நின்றார்.

"சார், என்னைப் பத்தி ஆபீஸ்ல என்னென்ன பேப்பர் இருக்கோ அதுல எனக்கு ஒரு காப்பி வேணும். வேற ஒண்ணும் இல்ல."

மனுவில் ஐந்து கேள்விகள் இருந்தன. அவருடைய சர்வீஸ் புக் முழுவதும். கடைசி ஐந்து ஆண்டுகளின் மதிப்பீட்டு அறிக்கைகள், அதாவது நாங்கள் ஏபார் என்று சொல்வது. 2022ல் அவர்மேல் வந்த புகாரின் நகல். அந்தப் புகார் குறித்து நடந்த முதல்கட்ட விசாரணைக் குறிப்பு. கடைசியாக, டிசம்பரில் கூடிய பதவி உயர்வுக் குழு பரிசீலித்த பதினொரு பேரின் ஏபார்களும் மதிப்பெண்களும். பதவி உயர்வில் அவர் பெயர் இல்லை. ஏன் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காரணத்தைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. பிரிவு 6(2) அதைத் தெளிவாகத் தடுக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் எங்கள் பிரிவின் இளநிலை அதிகாரி வரைவுப் பதிலை வைத்தார். இரண்டே வரி. "கோரப்பட்ட தகவல்கள் தனிநபர் தகவல் என்பதால் பிரிவு 8(1)(ஜே)யின் கீழும், நம்பிக்கைப் பொறுப்பு உறவில் உள்ள தகவல் என்பதால் பிரிவு 8(1)(இ)யின் கீழும் வழங்க இயலாது."

இந்த இரண்டு வரியைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு நிஜமான குழப்பம் இருக்கிறது, சமீபத்தில் அது அதிகமாகியும் இருக்கிறது. 8(1)(ஜே) முன்பு நீளமான உட்பிரிவு. பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாத தனிநபர் தகவல், அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி அத்துமீறும் தகவல் என்றால் மறுக்கலாம் என்று அது சொன்னது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3)ஆம் பிரிவால் அதைச் சுருக்கியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. இப்போது அங்கே இருப்பது "தனிநபர் தகவல் தொடர்பான தகவல்" என்ற சில சொற்கள் மட்டும். அத்துமீறல் என்ற அளவுகோல் போய்விட்டது. அந்தச் சொற்களை அப்படியே பிடித்துக்கொண்டால், ஒருவர் தன்னைப் பற்றிக் கேட்பதும் தனிநபர் தகவல்தானே, மறுத்துவிடலாமே என்று தோன்றும். எங்கள் இளநிலை அதிகாரிக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவரிடம் நான் கேட்டேன்: "இந்த சர்வீஸ் புக்கை அவருக்குக் கொடுக்கிறதால யாருடைய அந்தரங்கம் போகுது?"

"அவரோடதுதான் சார்."

"அவர்கிட்ட இருந்து அவரையேவா காப்பாத்துறீங்க?"

வாதத்தில் ஜெயித்தால் போதாது, கோப்பில் எழுதவும் வேண்டும். எழுதினேன். அந்தரங்கத்தைக் காக்கும் உட்பிரிவு, அந்த அந்தரங்கத்துக்குச் சொந்தக்காரருக்கு எதிராக நிற்காது. 8(1)(இ) விஷயத்தில் உச்ச நீதிமன்றம் இதையே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 2011ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாயாவுக்கும் இடையிலான வழக்கில், திருத்திய விடைத்தாளைத் தேர்வு எழுதியவர் பார்க்கலாமா என்பது கேள்வி. நம்பிக்கைப் பொறுப்பு என்ற பாதுகாப்பு மூன்றாம் நபருக்கு எதிரானது. யாருக்காக அந்தப் பொறுப்பு வகிக்கப்படுகிறதோ அவருக்கே அந்தத் தகவலை மறுக்க அது உதவாது என்று நீதிமன்றம் சொன்னது. இதுதவிர, மறுக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்னும் 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது. 2025ன் திருத்தம் அதைத் தொடவில்லை.

அந்தக் குறிப்புக்குப் பிறகு எங்கள் வேலை சுலபமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கேள்வி மட்டும் மாறியது. இது தனிநபர் தகவலா என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு வரியிலும், இது அவருடையதா, வேறொருவருடையதா, இரண்டும் கலந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. கலந்ததில்தான் சிக்கல்.

சர்வீஸ் புக் 62 பக்கம். அதில் மறைக்க ஒன்றும் இருக்காது என்று நினைத்து ஜெராக்ஸுக்கு அனுப்பப் பார்த்தேன். நடுவில் 2014ஆம் ஆண்டின் ஓர் ஊதிய உயர்வு ஆணை இருந்தது. பதினான்கு ஊழியர்களுக்குச் சேர்த்துப் போட்ட ஒரே ஆணை. எல்லோர் பெயரும், அடிப்படைச் சம்பளமும், வருங்கால வைப்பு நிதி எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் அடுத்தடுத்து. இளநிலை அதிகாரி மற்ற பதின்மூன்று வரியையும் முழுக்கக் கருப்பாக்கிவிட்டார். அதுவும் தப்பு. பொதுத்துறை ஊழியர்களின் மாதச் சம்பளம் பிரிவு 4(1)(பி)யின்படி யாரும் கேட்காமலே நாங்களே வெளியிட்டாக வேண்டிய விவரம். ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதை இவருக்கு மட்டும் மறைப்பது கேலிக்கூத்து. பெயரையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு, மற்றவர்களின் வைப்பு நிதி எண்ணையும் வங்கி எண்ணையும் மட்டும் மறைத்தோம். ஆணை படிக்கும்படியும் இருந்தது, யாருடைய கணக்கும் வெளியே போகவில்லை.

கருப்பு மை அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மார்க்கர் பேனாவால் அடித்த காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எழுத்து அப்படியே தெரியும். அடித்த தாளைக் கொடுக்கக் கூடாது. அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது நகலைத்தான் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பிடிஎஃப்மேல் கருப்புப் பெட்டி வரைந்தால் இன்னும் மோசம். பெட்டிக்கு அடியில் எழுத்து பத்திரமாக இருக்கும். மௌஸால் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வெளியே வந்துவிடும். நாங்கள் பிரிண்ட் எடுத்து, கையால் அடித்து, மறுபடி ஜெராக்ஸ் எடுத்தோம். பழைய முறைதான், ஆனால் ஏமாற்றாது. இன்னொன்று, எந்த இடத்தில் எதை மறைத்தோம் என்பதை ஓரத்தில் சின்னதாக எழுதினோம்: "பிற ஊழியரின் வங்கி எண்". காரணம் தெரியாத கருப்பு வரி வாங்குபவரின் சந்தேகத்தை வளர்க்கும், மேல்முறையீட்டுக்குத் தேவையான விஷயத்தை நாமே கொடுத்தது போலவும் ஆகிவிடும்.

ஏபார்கள் ஐந்து, ஒவ்வொன்றும் ஆறு பக்கம். இதில் கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. 2008ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாதகமான குறிப்பை மட்டும் தெரிவித்தால் போதாது, ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2013ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் இல்லாவிட்டாலும் அவருக்கு இவற்றைக் கொடுத்திருக்க வேண்டும். நாங்கள் 2021-22, 2022-23 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கவில்லை. கொரோனா கால ஃபைல் அடுக்குகளுக்குள் காணாமல் போயிருந்தது, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும்படியான விஷயம். பதிலில் அதைக் குறிப்பிட்டேன்.

அந்த 2022-23 ஏபாரில்தான் எல்லாம் இருந்தது. அறிக்கை எழுதிய அதிகாரி 8.1 போட்டிருந்தார். மறுஆய்வு அதிகாரி அதை 6.9 ஆக்கியிருந்தார், காரணம் எழுதவில்லை. பதவி உயர்வுக் குழு வைத்திருந்த குறைந்தபட்ச சராசரிக்கு அவர் கொஞ்சமாகத் தவறியது அந்த ஒரு ஆண்டால்தான்.

இங்கே இளநிலை அதிகாரி இன்னொரு யோசனை சொன்னார். விடைத்தாள் வழக்கிலேயே, திருத்தியவர் பெயரை மறைக்கலாம் என்று இருக்கிறதே, மறுஆய்வு அதிகாரியின் பெயரையும் கையெழுத்தையும் மறைத்துவிடலாமே என்றார். அந்த வழக்கில் அது இருப்பது உண்மைதான். விடைத்தாளைத் திருத்தியவர் யாரென்று மாணவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் உடல் பாதுகாப்புக்கே ஆபத்து வரலாம் என்பதால், 8(1)(ஜி)யின்படி அந்தப் பகுதியைத் துண்டித்துவிட்டு மற்றதைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். ஆனால் எங்கள் ஸ்டோர்ஸில் 2022ல் மறுஆய்வு அதிகாரி யார் என்பது டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். தெரிந்த பெயரை மறைத்து யாரையும் காப்பாற்ற முடியாது. அதோடு, ஏபார் என்பது ஒரு பதவியில் இருந்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஆவணம். பெயரோடு கொடுத்தோம்.

புகாருக்கும் விசாரணைக் குறிப்புக்கும் வந்தோம். வரைவில் இதற்கு 8(1)(எச்) என்று எழுதியிருந்தது: விசாரணைக்கு இடையூறு. 2022 செப்டம்பரில் விசாரணை முடிந்து கோப்பு மூடப்பட்டுவிட்டது. மூடிய விசாரணைக்கு எப்படி இடையூறு வரும்? நடந்துகொண்டிருக்கும் விசாரணைக்குக்கூட இந்த உட்பிரிவை அப்படியே எழுதிவிட முடியாது. 2007ல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், விசாரணை இருக்கிறது என்ற ஒரே காரணம் போதாது, இந்தத் தகவலைக் கொடுத்தால் அது எப்படித் தடைபடும் என்று அதிகாரி காட்ட வேண்டும் என்றது. அதற்குமேல் சுமையும் நம்முடையதுதான். மறுத்தது சரி என்று நிரூபிக்க வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர் என்று பிரிவு 19(5) சொல்கிறது.

புகார் இரண்டு பக்கம். அதே பிரிவில் வேலை பார்க்கும் ஒரு சக ஊழியர் எழுதியது. மனுதாரர் மூன்று சனிக்கிழமை வராமலே ஓவர்டைம் போட்டுக்கொண்டார் என்பது விஷயம். விசாரணைக் குறிப்பு ஒன்பது பக்கம்: கேட் ரிஜிஸ்டரைப் பார்த்தார்கள், அவர் மூன்று சனிக்கிழமையும் வந்திருக்கிறார், ஒரு காவலர் அதை உறுதி செய்தார். புகார் பொய் என்று ஆனது. ஆனால் குறிப்பின் கடைசி வரி இப்படி முடிகிறது: "மேல்நடவடிக்கை தேவையில்லை. எனினும் எதிர்காலத்தில் இவரைக் கவனித்து வரவும்." இந்த வரி பர்சனல் ஃபைலில் உட்கார்ந்திருந்தது. மறுஆய்வு அதிகாரி அதைப் படித்துத்தான் 8.1ஐ 6.9 ஆக்கினார் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தேதிகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்பது மட்டும் தெரியும்.

புகார் எழுதியவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. பொய்ப் புகாராக முடிந்தாலும், அவர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று விசாரணை சொல்லவில்லை, தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். 8(1)(ஜி) இரண்டு பேரைக் காக்கிறது: உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரக்கூடியவரையும், சட்ட அமலாக்கத்துக்கோ பாதுகாப்புக்கோ ரகசியமாகத் தகவல் தந்தவரையும். பக்கத்து மேசைக்காரரின் ஓவர்டைம் புகார் சட்ட அமலாக்கம் ஆகாது. உடல் ஆபத்து என்று சொல்லவும் எனக்கு ஆதாரமில்லை. ஆனால் புகார் எழுதியவர் யார் என்பது அவரைப் பற்றிய தனிநபர் தகவல், அவர் அதை ரகசியமாகக் கொடுத்திருக்கிறார். திருத்தப்பட்ட 8(1)(ஜே) பொருந்த வேண்டிய இடம் இதுதான். இந்த வழக்கில் முதல்முறையாக அது சரியான ஆளைக் காத்தது.

ஆனால் நானாக முடிவெடுக்க முடியாது. மூன்றாம் நபர் ரகசியமாகத் தந்த தகவலைக் கொடுக்க நினைத்தால், மனு வந்த ஐந்து நாளுக்குள் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். அவர் பத்து நாளுக்குள் கருத்துச் சொல்லலாம். மனு வந்த நாற்பது நாளுக்குள் முடிவு. இது பிரிவு 11. பிப்ரவரி 5ல் புகார்தாரருக்கும் காவலருக்கும் நோட்டீஸ் போனது. ஐந்து நாள் என்பதைப் பல அலுவலகங்கள் தாண்டிவிடுகின்றன. பதில் தர முப்பது நாள் இருக்கிறதே என்று இருபதாம் நாளில் நோட்டீஸ் அனுப்புவார்கள், அதோடு நாற்பதாம் நாளும் போய்விடும். காவலர் பதில் எழுதவில்லை. புகார்தாரர் 14ஆம் தேதி எழுதினார்: "என் புகாரை எந்த வடிவத்திலும் கொடுக்கக் கூடாது."

இந்த ஆட்சேபம் ஒரு தடையுத்தரவு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவருடைய கருத்தை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முடிவு என்னுடையது, முடிவு அவருக்குப் பிடிக்காவிட்டால் அவரும் மேல்முறையீடு செய்யலாம், அதை அவருக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும். நான் எடுத்த முடிவு, புகாரின் சாரத்தைக் கொடுப்பது, எழுதியவரைக் கொடுக்காமல் இருப்பது.

சொல்வது சுலபம். புகார் கையால் எழுதியது. பெயரையும் கையெழுத்தையும் அடித்தாலும், ஆறு வருடமாக ஒரே பிரிவில் இண்டென்ட் எழுதும் ஒருவரின் கையெழுத்தை மனுதாரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதனால் நகல் கொடுக்கவில்லை. புகாரில் உள்ளதை வார்த்தை மாற்றாமல் தட்டச்சு செய்து, பகுதி எடுப்பாக, சான்றிட்டுக் கொடுக்க முடிவு செய்தேன். பகுதிகளை எடுத்துக் கொடுப்பதும் சட்டம் சொல்லும் தகவல் உரிமையில் அடங்குகிறது. அதிலும் ஒரு வரியை எடுக்க வேண்டியிருந்தது: "நான் அவருக்கு எதிர் மேசையில் அமர்ந்திருப்பதால்". பெயரை மறைத்துவிட்டு இந்த வரியை விட்டால் பெயரைச் சொன்ன மாதிரியே.

இதற்கிடையில் பணம். பிப்ரவரி 10ல் கட்டணக் கடிதம் அனுப்பினேன். சர்வீஸ் புக் 62, ஏபார் 30, பதவி உயர்வுக் குழுக் குறிப்பில் அவருடைய பகுதி 1, விசாரணைக் குறிப்பு 9, புகார் 2, மொத்தம் 104 பக்கம். பக்கத்துக்கு இரண்டு ரூபாய், 208 ரூபாய். பிரிவு 11இல் இருக்கும் பக்கங்கள் கொடுக்கப்படாமல் போனால் அந்தப் பணம் திரும்ப வரும் என்றும் எழுதினேன். அவர் 17ஆம் தேதி கட்டினார். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் வந்த நாள் வரை உள்ள ஏழு நாள் கணக்கில் வராது. பதில் தாமதமானால் கட்டணமே வாங்க முடியாது, பிரிவு 7(6); அதனால்தான் கட்டணக் கடிதத்தை இருபத்தெட்டாம் நாளில் அனுப்பும் வழக்கம் ஆபத்தானது. முதல் 93 பக்கங்களை 20ஆம் தேதியே கொடுத்துவிட்டேன். சச்சரவுள்ள பதினொரு பக்கத்துக்காகச் சச்சரவில்லாத கட்டைக் காக்க வைக்கத் தேவையில்லை.

ஐந்தாவது கேள்வி, மற்றப் பத்து பேரின் ஏபார். இதை மறுத்தேன், முழுமையாக. 2012 அக்டோபரில் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓர் ஊழியரின் பணித்திறன், அவருக்கு வந்த மெமோ, தண்டனை இவையெல்லாம் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலானவை, மூன்றாம் நபருக்குக் கொடுக்கப் பெரிய பொதுநலன் வேண்டும் என்றது. பாரபட்சம் நடந்திருக்கிறது என்று மனுதாரர் எழுதியிருந்தார், ஆதாரம் ஏதும் கொடுக்கவில்லை. 8(2)ஐப் பரிசீலித்தேன், பொதுநலன் கனக்கவில்லை என்று ஒரு பத்தியில் எழுதினேன். அந்த ஒரு பத்தியை எழுதாமல் விடுவதுதான் மேல்முறையீட்டில் தோற்கும் அலுவலர்களின் வழக்கம். ஆனால் அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது மற்றவர்களின் அறிக்கை அல்ல. தன்னுடைய மொத்த மதிப்பெண், குழு வைத்த குறைந்தபட்சம், பரிசீலிக்கப்பட்டோர் எண்ணிக்கை, கூட்டத் தேதி ஆகியவைதான் தேவை. அவை அந்த ஒரு பக்கத்தில் இருந்தன, கொடுத்தாயிற்று.

மார்ச் 9ல் கடைசிப் பதில் போனது, முப்பத்தைந்தாம் நாள். அதன் ஒரு பகுதி இப்படி இருந்தது:

"கேள்வி 4: விசாரணைக் குறிப்பு 9 பக்கம் இணைக்கப்பட்டுள்ளது. பக்கம் 5இல் 14 வரிகள் பிரிவு 10(1)இன்படி நீக்கப்பட்டுள்ளன. அவை ஒரு சாட்சியின் வாக்குமூலம்; அவருடைய தனிநபர் தகவல் என்பதால் பிரிவு 8(1)(ஜே) பொருந்துகிறது. பொதுநலன் பரிசீலிக்கப்பட்டது, சாட்சியின் வாக்குமூலம் தங்களுக்குச் சாதகமாக அமைந்தது என்பது இதே குறிப்பின் முடிவுரையிலிருந்து தெரிவதால், நீக்கத்தால் தங்களுக்குப் பாதிப்பில்லை எனக் கருதப்படுகிறது. இந்த முடிவை எடுத்தவர் கீழே கையொப்பமிட்டுள்ள பொதுத் தகவல் அலுவலர். இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். பதவியும் முகவரியும் கீழே."

காரணம், முறையிட அவகாசம், யாரிடம் முறையிடுவது என்ற மூன்றும் பிரிவு 7(8)இன்படி மறுப்புக் கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும். புகார் எடுப்பின் இரண்டு பக்கத்தை மட்டும் உடனே கொடுக்கவில்லை. புகார்தாரருக்கு மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. அது முடியும்வரை வைத்திருந்தேன். அவர் முறையிடவில்லை. ஏப்ரல் 10ல் ஸ்பீட் போஸ்டில் போனது.

மனுதாரர் முறையிட்டார், மார்ச் 24ல். பதினான்கு வரிக்காக. ஏப்ரல் 20ல் முதல் மேல்முறையீட்டு அலுவலரான எங்கள் பொது மேலாளர் எனக்கு எதிராகத் தீர்ப்பளித்தார், சரியாகத்தான் தீர்ப்பளித்தார். காவலரின் வாக்குமூலத்தில் அவரைக் காட்டிக்கொடுப்பது மூன்று வரி: எந்த கேட்டில், எந்த ஷிப்டில் இருந்தார் என்பது. அன்று அந்த கேட்டில் ஒரே ஆள். மீதிப் பதினொரு வரி, மனுதாரர் எத்தனை மணிக்கு வந்தார், போனார், டிஃபன் பாக்ஸ் கொண்டுவந்தார் என்பது. அது காவலரைப் பற்றியது இல்லை, மனுதாரரைப் பற்றியது. வாக்குமூலம் என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு முழுப் பத்தியையும் அடித்திருக்கிறேன். "பாதிப்பில்லை எனக் கருதப்படுகிறது" என்ற என் வாக்கியத்தையும் அவர் ஏற்கவில்லை. மறுக்க ஓர் உட்பிரிவு வேண்டும், பாதிப்பில்லை என்பது உட்பிரிவு இல்லை என்றார். பக்கம் 5 புதிதாக ஜெராக்ஸ் ஆகிப் போனது, கட்டணம் இல்லாமல்.

தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு நாமும் இப்படிக் கேட்கலாமா என்பார்கள். கேட்கலாம், ஆனால் இந்தச் சட்டம் அவர்களுக்கு இல்லை. இது பொது அதிகார அமைப்புகளுக்கு மட்டும். புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு தன் தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. அது நடைமுறைக்கு வர விதிகள் வெளியானதிலிருந்து பதினெட்டு மாதம், அதாவது 2027 மே வரை ஆகும். வந்த பிறகும், அந்த உரிமை சம்மதத்தின் பேரில் வாங்கிய தரவுக்குத்தான். வேலை நோக்கத்துக்காகச் சம்மதமில்லாமலே கையாளலாம் என்று அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்திருப்பதால், பர்சனல் ஃபைலின் பெரும்பகுதி அந்த வலைக்கு வெளியே நிற்கக்கூடும். முழு நகலும் இல்லை, சுருக்கம்தான்.

எங்கள் மனுதாரர் மே மாதம் 6.9ஐ எதிர்த்து ஒரு மனு கொடுத்தார், இந்த முறை தகவல் உரிமையில் இல்லை, ஏபார் மறுபரிசீலனைக்காக. கூடவே, "கவனித்து வரவும்" என்ற வரியை ஃபைலிலிருந்து நீக்கக் கேட்டிருக்கிறார். அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. கொடுக்க வந்த அன்று என் மேசையில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சார், புகார் எழுதினது யாருன்னு மட்டும்..."

"அது உங்க பேப்பர் இல்லப்பா."

சிரித்தார். "எனக்குத் தெரியும் சார். எதிர் மேசைதான்."

நான் அந்த வரியைத்தான் எடுத்திருந்தேன்.